மீந்த சோற்றை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகும் வாந்தி வருமா? (வெப்பநிலைக் கணக்குடன்)

#1 கரண்டி | 14 ஜூன், காலை 9:12

கேள்வி நேரடியானது. 2 கிலோ அரிசியில் வடித்த சோறு, ஏறக்குறைய 5 கிலோ. 25 செ.மீ. அகலப் பாத்திரத்தில் 11 செ.மீ. உயரத்துக்கு நின்றது. இரவு 8 மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்தோம். 11 மணிக்குப் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜுக்குப் போனது. கம்பித் தெர்மாமீட்டரை நடுச்சோற்றில் குத்தியே வைத்திருந்தேன். எண்கள் இவை:

இரவு 8:00 – 97 டிகிரி
இரவு 11:00 – 66
1:00 – 46
4:00 – 28
காலை 7:00 – 19

ஃபிரிட்ஜ் காற்று 5 டிகிரி, சமையலறை 28. சோற்றில் வாடை இல்லை, நூல் விடவில்லை, நிறமும் மாறவில்லை. இதை ஆவி பறக்க 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பரிமாறினால் சரிதானே? சூடாக்கினால் கிருமி செத்துவிடும் என்று ஒரு தரப்பும், இந்தச் சோற்றைத் தொடவே கூடாது என்று இன்னொரு தரப்பும் சொல்கிறது. காரணத்தோடு பதில் வேண்டும்.

#2 வெந்நீர் | 14 ஜூன், காலை 9:40

கிருமி உண்டாக்கும் நச்சு புரதம்தானே. முட்டை வெந்தால் கெட்டியாவது மாதிரி, சூட்டில் புரதம் குலைந்துபோகும். 90 டிகிரியில் எந்த நச்சும் நிற்காது. 75 டிகிரியே போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம்.

#3 பெட்ரித்தட்டு | 14 ஜூன், காலை 10:25

வெந்நீர், நீங்கள் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இரண்டு விதமாக ஆளைப் படுக்கவைக்கும். ஒன்று வயிற்றுப்போக்கு. அதற்குக் காரணமான நச்சுகள் நீங்கள் சொன்னபடி புரதங்கள்தான். 56 டிகிரியில் 5 நிமிடம் வைத்தாலே செயலிழந்துவிடும். அவை பெரும்பாலும் குடலுக்குள் போன கிருமி அங்கே வளர்ந்து உண்டாக்குபவை. அதனால் சாப்பிட்டு 8 முதல் 16 மணி நேரம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும்.

மற்றது வாந்தி. இதன் நச்சுக்குச் செரூலைடு என்று பெயர். இது சோற்றிலேயே தயாராகி, தயாரான நிலையில் வாய்க்குப் போகிறது. அதனால் அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். செரூலைடு முட்டைப் புரதம் போல மடிந்து சுருண்ட நீளச் சங்கிலி இல்லை. பன்னிரண்டே துண்டுகள் கொண்ட சின்ன வளையம். நான்கு துண்டுகள் கொண்ட ஒரே வரிசை மூன்று முறை வந்து, தலையும் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். புரதம் சூட்டில் கெடுவது அதன் மடிப்பு அவிழ்வதால். இதில் அவிழ்வதற்கு மடிப்பும் இல்லை, பிடித்துப் பிரிக்க நுனியும் இல்லை. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்த பிறகும் வீரியம் குறையாமல் இருந்ததாக அளந்திருக்கிறார்கள். சோறு 90 டிகிரியில் 5 நிமிடம் இருப்பது அதற்கு ஒன்றுமே இல்லை.

வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும்கூட இதை உடைப்பதில்லை. ஆகவே சூடாக்கினால் சரியாகுமா என்ற கேள்விக்குப் பதில்: கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

உங்கள் எண்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், கணக்குப் போட வேண்டும்.

#4 மூன்றாம்_அடுக்கு | 14 ஜூன், காலை 10:50

மைக்ரோவேவ்தான் பிரச்சினை. ஓரம் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு, இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பிறகு திரும்பச் சூடாக்க வேண்டும். நடுவில் 75 வந்ததா என்று தெர்மாமீட்டரில் பார்க்கணும்.

#5 பெட்ரித்தட்டு | 14 ஜூன், காலை 11:05

மூன்றாம்_அடுக்கு சொன்னது நல்ல பழக்கம். ஆனால் கேள்வி அது இல்லை. சீராகச் சூடாக்குவது உயிரோடு இருக்கும் கிருமிக்கு. செரூலைடு ஏற்கெனவே உருவாகியிருந்தால், சீராகச் சூடான சோற்றில் சீராக நச்சு இருக்கும், அவ்வளவுதான்.

#6 சோற்றுப்பருக்கை | 14 ஜூன், காலை 11:31

அப்படியானால் முதல் தடவை சமைக்கும்போதே கிருமி செத்திருக்க வேண்டுமே? 97 டிகிரி வரை போயிருக்கிறது. பிறகு வந்தது காற்றிலிருந்தா? மூடிதானே வைத்திருக்கிறார்.

இன்னொன்று. அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவினால் முதலிலேயே ஒழிந்துவிடாதா?

#7 பெட்ரித்தட்டு | 14 ஜூன், பிற்பகல் 12:20

காற்றிலிருந்து வரத் தேவையில்லை, அரிசியோடே வருகிறது. இது மண்ணில் வாழும் கிருமி. வயலிலிருந்து தானியத்தில் ஒட்டிக்கொண்டு, வித்து வடிவத்தில் உலர்ந்து கிடக்கிறது. சமைக்கும்போது சாவது உயிர்ப்போடு இருக்கும் செல்கள் மட்டும். வித்துகளில் ஒரு பங்கு கொதிநீரைத் தாங்கி நிற்கும். அதைவிட மோசம், அந்தச் சூடே வித்தைத் தட்டி எழுப்புகிறது. சோறு ஆறி 50 டிகிரிக்குக் கீழே வரும்போது எழுந்த வித்து முளைக்கிறது. பக்கத்தில் போட்டிபோட வேறு கிருமி எதுவும் இல்லை, எல்லாம் வெந்து போய்விட்டது. ஈரம் இருக்கிறது, உணவு இருக்கிறது. சமைத்த சோறு பச்சை அரிசியைவிட ஆபத்தாக மாறுவது இப்படித்தான்.

கழுவினால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், ஒழியாது. 100 இருந்த இடத்தில் 20 ஆனாலும் அந்த ஐந்து மடங்கை மீட்க இரண்டு மூன்று இரட்டிப்பு போதும். ஒன்றரை மணி நேரத்தில் கழுவிய பலன் போய்விடும்.

#8 நள்ளிரவு_வாசகி | 14 ஜூன், பிற்பகல் 3:48

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நேற்று இரவு முழுக்க வெளியில் இருந்த சோற்றைச் சூடாக்கி மதியம் 1 மணிக்குக் கொடுத்தோம். மகளுக்கு 4 வயது. 2:45-லிருந்து மூன்று தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. வீட்டில் ஆண்டிபயாடிக் சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா?

#9 இரவுப்பணி | 14 ஜூன், பிற்பகல் 3:56

கொடுக்காதீங்கம்மா. இது வெளியில் உருவாகி உள்ளே போன நச்சு. ஆண்டிபயாடிக்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வாந்தியை நிறுத்தும் மருந்தும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

ஓஆர்எஸ் கரைசலை ஒரு டீஸ்பூன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கேட்டால்கூட டம்ளரில் கொடுக்காதீங்க, மொத்தமாகக் குடித்தால் மொத்தமாக வெளியே வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கிவிடும்.

ஆனால் அவள் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்க. இந்த நச்சு அரிதாகக் கல்லீரலைத் தாக்கும், பிள்ளைகளிடம் அந்தப் பயம் கூடுதல். 4 வயதுக் குழந்தை என்பதால் வாந்தி தொடர்ந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் இன்றே காட்டிவிடுங்க.

மீதிச் சோறு இருந்தால் கொட்டாதீங்க. மூடி ஃப்ரீஸரில் வையுங்க. பரிசோதனை தேவைப்பட்டால் அதுதான் சாட்சி.

#10 வெந்நீர் | 14 ஜூன், மாலை 5:02

நான் சொன்னது தவறு, #3 படித்தேன். ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை. இரவு முழுக்க வெளியில் இருந்த சோற்றை உலகத்தில் எத்தனையோ பேர் தினம் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் வாந்தி எடுப்பதில்லையே? நச்சு இவ்வளவு உறுதியானது என்றால் தெருவுக்குத் தெரு விழுந்திருக்க வேண்டாமா?

#11 பெட்ரித்தட்டு | 14 ஜூன், மாலை 6:30

நியாயமான சந்தேகம். இந்த இனத்தில் பெரும்பாலான கிருமிகளுக்குச் செரூலைடு செய்யத் தெரியாது. அதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. அதை வைத்திருப்பது சிறுபான்மைதான். உங்கள் அரிசியில் அந்த வகை இல்லையென்றால், இரவு முழுக்க வைத்தாலும் செரூலைடு வராது. அந்த வகை இருந்தாலும் எண்ணிக்கை பெருகிய பிறகுதான் நச்சு குவியத் தொடங்கும். வாந்தி வந்த இடங்களில் எடுத்த சோற்றில் பெரும்பாலும் கிராமுக்கு ஒரு லட்சம் முதல் பல கோடி வரை கிருமி இருந்திருக்கிறது.

அதனால் நூறு நாள் ஒன்றும் ஆகாது. நூற்றியோராம் நாள் அரிசியிலோ கரண்டியிலோ அந்த வகை இருக்கும். நூறு நாள் பழக்கம் அந்த ஒரு நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறியவும் வழியில்லை. செரூலைடுக்கு வாடையோ சுவையோ நிறமோ கிடையாது. இன்னொரு விஷயம்: வாந்தி வகைக் கிருமிகளால் பெரும்பாலும் மாவுச்சத்தை உடைக்க முடியாது. சோறு குழைவதும் நீர் விடுவதும் அவற்றால் வருவதில்லை. ஆகவே குழையாத சோறு என்பது நற்சான்று இல்லை.

வாந்தி எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பின் நுனியில் உள்ள செரடோனின் ஏற்பியை இது தூண்டுகிறது. காய்ச்சல் இல்லாமல் திடீரென வாந்தி மட்டும் வருவது அதனால்தான். கல்லீரல் விஷயம் வேறு. இந்த வளையம் பொட்டாசியத்தை நடுவில் வைத்துச் சவ்வுகளைக் கடத்திக்கொண்டு போகும். செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா இதில் செயலிழக்கிறது. அளவு மிக அதிகமானால்தான் அந்தக் கட்டம்.

#12 சோற்றுப்பருக்கை | 14 ஜூன், மாலை 7:15

முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள்?

#13 ஆய்வக_ஜன்னல் | 14 ஜூன், இரவு 8:03

வாந்தி வகை கவனத்துக்கு வந்தது 1970களின் தொடக்கத்தில், பிரிட்டனில். உணவகங்களில் சோற்றை மொத்தமாக வேகவைத்து, இரவு முழுக்கச் சமையலறையிலேயே வடியவிட்டு, மறுநாள் எண்ணெயில் வேகமாகப் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டிதட்டி, உதிரியாக வறுக்க வராது என்பதால் வெளியில் வைத்தார்கள். வாணலிச் சூடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற அதே நம்பிக்கைதான். நச்சின் அமைப்பு தெளிவானது 1990களில்.

சோற்றுக்கு மட்டும் உள்ளது என்றும் நினைக்க வேண்டாம். 2003-ல் பெல்ஜியத்தில் ஒரே குடும்பத்தின் ஐந்து பிள்ளைகள் பாஸ்தா சாலட் சாப்பிட்டு விழுந்தார்கள். 7 வயதுச் சிறுமி கல்லீரல் செயலிழந்து இறந்துபோனாள். அந்தச் சாலட் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 14 டிகிரி.

கரண்டி, உங்கள் ஃபிரிட்ஜ் 5 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். கதவில் தெரியும் எண்ணா, உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததா?

#14 கரண்டி | 14 ஜூன், இரவு 8:20

உள்ளே வைத்துப் பார்த்தது. ஆனால் பாத்திரம் வைத்த பிறகு ஒரு மணி நேரம் 9 டிகிரி வரை ஏறியது. பிறகு இறங்கியது.

#15 பெட்ரித்தட்டு | 14 ஜூன், இரவு 10:41

இனி உங்கள் பாத்திரத்தின் கணக்கு.

60 டிகிரிக்கு மேல் இந்தக் கிருமி வளராது. ஆகவே 8 மணியிலிருந்து 11 மணி வரை நடுச்சோற்றில் கடிகாரம் ஓடவில்லை. 66 டிகிரியில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தது குற்றமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. நள்ளிரவுக்குச் சற்றுமுன் 57-ஐக் கடந்திருக்கும். 21-ஐத் தொட்டது காலை 6 மணி வாக்கில். ஆறு மணி நேரத்துக்கு மேல். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இந்தத் தூரத்துக்கு 2 மணி நேரம்தான் தருகிறது. அதன்பின் 5 டிகிரிக்கு வர இன்னொரு 4 மணி நேரம்.

எவ்வளவு பெருகியிருக்கும்? வெந்தபின் கிராமுக்கு 100 வித்து பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். 30-லிருந்து 40 டிகிரிக்குள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு, 25-க்குக் கீழே ஒரு மணி அல்லது அதற்கும் மேல். 1 மணியிலிருந்து 7 மணி வரை எட்டு ஒன்பது இரட்டிப்பு வரும். எட்டு என்றால் 25,600. ஒன்பது என்றால் 51,200.

ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கிறது. அப்படியே 5 டிகிரிக்குப் போயிருந்தால் நச்சு குறிப்பிடும் அளவில் சேர்ந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 100 என்பது நான் வைத்துக்கொண்ட எண். தொடக்கத்தில் 1,000 இருந்திருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நான் சாப்பிட மாட்டேன்.

#16 கரண்டி | 15 ஜூன், காலை 6:55

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முக்கியம் என்று தோன்றவில்லை. 7 மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தோம், மதியம் 12 மணிக்குச் சூடாக்கத் திட்டம். நேற்று அப்படியே செய்தோம். இழையைப் பார்த்துப் பரிமாறவில்லை.

#17 பெட்ரித்தட்டு | 15 ஜூன், காலை 7:30

பரிமாறாதது நல்லது. அது முக்கியம்தான், எல்லாவற்றையும்விட முக்கியம். #15-இல் நான் மென்மையாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

7 மணிக்கு 19 டிகிரி. 28 டிகிரி அறையில் ஐந்து மணி நேரம். இப்போது முளைக்கக் காத்திருக்கும் வித்து இல்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செல்கள். ஐந்து இரட்டிப்பு என்று குறைத்தே வைத்தாலும் 51,200 என்பது 16 லட்சத்தைத் தாண்டும். நச்சு அதிகம் சேரும் கட்டமும் இதுதான். வேகமாகப் பெருகும்போது குறைவு, பெருகி நிரம்பும்போது அதிகம். அறை வெப்பம் அதற்கு ஏற்ற வெப்பம்.

அந்தச் சோற்றை 12 மணிக்கு 90 டிகிரிக்குச் சூடாக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினால் உயிருள்ள செல்கள் ஏறக்குறைய இருக்காது, அறிக்கை அழகாக வரும். நச்சு மட்டும் முழுதாக உள்ளே இருக்கும்.

#18 ஆய்வக_ஜன்னல் | 15 ஜூன், காலை 8:10

கடைசி வரிக்கு வலுச்சேர்க்க: சூடாக்கிய சோற்றில் கிருமியை எண்ணுவது போதாது. செரூலைடையே நேரடியாக அளக்க வேண்டும். அதற்கு நிறைநிறமாலைமானி கொண்ட திரவப் பிரிப்புக் கருவி வேண்டும், ஐஎஸ்ஓ 18465 என்ற முறை இருக்கிறது. எல்லா உணவுப் பரிசோதனைக்கூடத்திலும் செய்வதில்லை, முன்பே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மாதிரியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போடாமல் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். இந்த நச்சு தண்ணீரை வெறுக்கும், கொழுப்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். சோற்றைத் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று யாரும் நினைக்காமலிருக்கவும் இதைச் சொல்கிறேன். அலசினால் போகாது.

#19 நள்ளிரவு_வாசகி | 15 ஜூன், காலை 8:44

மகள் நலம். நேற்று 5 மணிக்கே மருத்துவரிடம் காட்டினோம். இரவு 9-க்குப் பிறகு வாந்தி இல்லை. காலையில் பசி என்கிறாள். இரவுப்பணிக்கு நன்றி. சோறு ஃப்ரீஸரில் இருக்கிறது.

#20 வெந்நீர் | 15 ஜூன், காலை 9:20

நல்ல செய்தி.

ரைஸ் குக்கரில் வார்ம் மோடில் இரவு முழுக்க விட்டால்? சூடாகவே இருக்கிறதே.

#21 மூன்றாம்_அடுக்கு | 15 ஜூன், காலை 9:38

எல்லா இடத்திலும் 60-க்கு மேல் நின்றால் பாதுகாப்பு. அளந்து பாருங்க. அடியில் 70 காட்டும். பாதி காலியான குக்கரில் மூடியை அடிக்கடி திறந்தால் மேல்சோறு 50-க்குப் போவதைப் பார்க்கலாம். கம்பியை மேலிருந்து 2 செ.மீ. ஆழத்தில், ஓரமாகக் குத்துங்க. பிரிட்டனில் சூடாக வைப்பதற்கு 63 டிகிரி விதி. இடையில் மின்சாரம் நின்று திரும்ப வந்திருந்தால் காலையில் காட்டும் 70-ஐ நம்பாதீங்க, நடுவில் எவ்வளவு இறங்கியது என்று அது சொல்லாது.

#22 சோற்றுப்பருக்கை | 15 ஜூன், காலை 10:02

வெளியில் எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று ஒரே எண் சொல்லுங்களேன். ஒருவர் 1 மணி என்கிறார், இன்னொருவர் 2, வேறொருவர் 4.

#23 பெட்ரித்தட்டு | 15 ஜூன், பிற்பகல் 1:15

மூன்றுமே எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டவைதான். பிரிட்டன் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறது, அதையும் ஒரு நாளுக்குள் தீர்க்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2 மணி வரை என்றால் திரும்ப ஃபிரிட்ஜுக்குப் போகலாம், 2-லிருந்து 4 வரை என்றால் அப்போதே சாப்பிட வேண்டும், 4-ஐத் தாண்டினால் கொட்ட வேண்டும். ஆபத்தான வெப்பத்தில் கழித்த நேரங்களை எல்லாம் கூட்டித்தான் கணக்கு.

எனக்கு இந்தக் கூட்டல் முறை பிடிக்கும். கரண்டியின் சோறு இரவில் ஆறு மணி நேரம், காலையில் ஐந்து மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

#24 ஆய்வக_ஜன்னல் | 15 ஜூன், பிற்பகல் 2:00

எனக்குப் பிடிக்காது. 4 மணி என்பது பலவித உணவுக்கும் பலவிதக் கிருமிக்கும் சேர்த்து எடுத்த சமரசம். வெந்த சோற்றில் வித்து ஏற்கெனவே எழுப்பப்பட்டு நிற்கிறது. 2 மணிக்கு மேல் நான் எந்தக் கணக்கும் போட மாட்டேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

#25 பெட்ரித்தட்டு | 15 ஜூன், பிற்பகல் 2:12

ஒத்துப்போக வேண்டியதில்லை. உங்கள் எல்லையில் நிற்பவர் தவறிப்போக மாட்டார்.

கரண்டிக்குச் செய்முறை. சோற்றின் கனத்தைக் குறைப்பதுதான் எல்லாம். 11 செ.மீ. கனத்தை 4 செ.மீ. ஆக்கினால் ஆறும் நேரம் கனத்தின் வர்க்கத்தில் குறையும், ஏழு மடங்குக்கு மேல். உலோக ட்ரேயில் பரப்பி, மூடாமல், மின்விசிறிக் காற்றில் ஆவி அடங்கும் வரை வைத்து, பிறகு தளர்வாக மூடி ஃபிரிட்ஜில் தள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

#26 மூன்றாம்_அடுக்கு | 15 ஜூன், பிற்பகல் 3:05

ஏழு மடங்கு வராது. வர்க்கக் கணக்கு சோற்றின் மேற்பரப்பை ஐஸ் தண்ணீரில் வைத்தது போலக் குளிராகப் பிடித்து வைத்தால்தான். அசையாத காற்றில் மேற்பரப்பிலிருந்து சூடு போவதே மெதுவாக நடக்கும். அப்போது பலன் கனத்தின் விகிதத்துக்கு அருகில், மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்க. மின்விசிறியும் ஆவியும்தான் அதைக் கூட்டும். விசிறி இல்லாமல் ட்ரேயை மட்டும் நம்பினால் ஏமாற்றம்.

#27 பெட்ரித்தட்டு | 15 ஜூன், பிற்பகல் 3:20

சரி. என் ஏழு தவறு, அவர் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

#28 கரண்டி | 17 ஜூன், காலை 8:15

அதே 2 கிலோ அரிசி. நான்கு எஃகு ட்ரே, 4 செ.மீ. கனம். 8:20-க்குப் பரப்பினேன். 8:35-க்கு 57 டிகிரி. விசிறியின் கீழே 9:05-க்கு 38. உடனே ஃபிரிட்ஜ். மூன்று ட்ரேக்கள் 10:30-க்கு 21-ஐத் தொட்டன, அதாவது 57-லிருந்து 1 மணி 55 நிமிடம்.

நான்காவது 10:30-க்கும் 27-இல் நின்றது. 11:10-க்குத்தான் 21.

2:30-க்குப் பார்த்தபோது நல்ல மூன்றும் 6 டிகிரி. 5 ஆகவில்லை.

#29 மூன்றாம்_அடுக்கு | 17 ஜூன், காலை 8:32

நான்காவதை இன்னொரு ட்ரே மேல் அடுக்கி வைத்தீங்களா?

#30 கரண்டி | 17 ஜூன், காலை 8:40

ஆமாம். இடமில்லை. அடியில் இருந்த ட்ரேதான் அது, மேல் ட்ரே அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

#31 மூன்றாம்_அடுக்கு | 17 ஜூன், காலை 8:47

அதுதான். இரண்டு ட்ரே ஒட்டினால் காற்றுக்கு அது 8 செ.மீ. சோறு. நான்கு விரல் இடைவெளி விட்டு வேறு தட்டில் வையுங்க. இடம் இல்லையென்றால் அந்த ஒரு ட்ரேயின் அடியை ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம் வைத்து, இரண்டு தடவை கிளறிவிட்டு உள்ளே தள்ளுங்க.

#32 பெட்ரித்தட்டு | 17 ஜூன், காலை 9:30

6 டிகிரி பற்றி: வாந்தி வகைக் கிருமிகள் பொதுவாக 8, 10 டிகிரிக்குக் கீழே வளர்வதில்லை. அந்த மூன்று ட்ரேயைப் பொறுத்தவரை செரூலைடு கவலை எனக்கு இல்லை. விதியின் 5 வேறு கிருமிகளையும் மனத்தில் வைத்தது. ஃபிரிட்ஜை 3-இல் வைத்தால் 5 வந்துவிடும். நான்காவது ட்ரே விதியை 35 நிமிடம் மீறியிருக்கிறது. வீட்டில் என்றால் நான் அதை முதலில் தீர்ப்பேன். உங்கள் சமையலறையில் எத்தனை பேருக்குப் பரிமாறுகிறீர்கள்?

#33 கரண்டி | 17 ஜூன், காலை 9:41

நாற்பது பேர். பாதி பேர் சிறுபிள்ளைகள்.

#34 ஆய்வக_ஜன்னல் | 17 ஜூன், காலை 9:44

நான்காவதைக் கொட்டிவிடுங்கள்.

#35 கரண்டி | 17 ஜூன், காலை 9:58

கொட்டியாயிற்று. இன்றிரவு ஐஸ் தண்ணீர் முறை. மூன்று மணிநேர எண்களை நாளை இடுகிறேன்.